ஒரு தாள், ஒரு வெட்டு, எட்டுப் பக்கம்

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் ஏதோ ஒரு வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறார்கள், மருந்துக்கடையில் பில் போடுகிறார்கள், மில்லில் ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம் துண்டு துண்டாகத்தான் வரும். பஸ் வரும்வரை சில நிமிடம், சாப்பிட்டுக் கை கழுவிய பின் சில நிமிடம், குழந்தையை டியூஷனில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் சில நிமிடம். தடிமனான கைடைத் தூக்கிக்கொண்டு போனாலும் அந்த இடைவெளியில் அது பயன்படாது. விட்ட பக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். கைபேசியில் பிடிஎப் இருக்கிறது என்றால், பல கடைகளிலும் ஆலைகளிலும் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். வாங்கி வைக்காத இடத்திலும், திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவது பாடமாக இருப்பதில்லை.

இந்த இடைவெளிகளுக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஒரு ஏ4 தாள், ஒரு கத்தரி, ஒரு பேனா போதும். தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால், ஸ்டேப்ளரும் பசையும் இல்லாமல் எட்டுப் பக்கச் சிறு புத்தகம் ஒன்று உருவாகிவிடும். மூடினால் 74 மில்லிமீட்டர் அகலம், 105 மில்லிமீட்டர் உயரம். சட்டைப்பையில் தாராளமாக நுழையும். சுடிதாரில் பை இல்லாதவர்கள் பஸ் பாஸ் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளோ கைப்பையின் வெளி ஜிப்பிலோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதை மடிப்பது எளிது, இதில் எதை எழுதுவது என்பதுதான் கடினம். பலரும் கைடில் இருப்பதைப் பொடி எழுத்தில் இதில் நகலெடுத்துவிட்டு, இரண்டு நாளில் அதைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் மடிப்பு. தாளை மேசையில் படுக்கை வாட்டமாக, அதாவது நீண்ட பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி வையுங்கள். கீழ் விளிம்பை மேல் விளிம்போடு சேர்த்து மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, மறுபடி விரித்துவிடுங்கள். அடுத்து இடது விளிம்பை வலது விளிம்போடு சேர்த்து மடியுங்கள், விரியுங்கள். பிறகு இடது விளிம்பையும் வலது விளிம்பையும் தனித்தனியாக நடு மடிப்புவரை கொண்டுவந்து மடித்து விரியுங்கள். இப்போது தாளில் மேல் வரிசையில் நான்கு, கீழ் வரிசையில் நான்கு என எட்டுக் கட்டங்கள் தெரியும்.

இனி வெட்டு. இடது விளிம்பை வலதோடு சேர்த்துத் தாளை மறுபடி பாதியாக மடித்துப் பிடியுங்கள். மடிந்திருக்கும் விளிம்பின் நடுவிலிருந்து, குறுக்கே ஓடும் மடிப்புக் கோட்டின் மேலேயே, ஒரு கட்டத்தின் அகலத்துக்கு மட்டும் கத்தரியை ஓட்டுங்கள். அடுத்த மடிப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். விரித்துப் பார்த்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு பிளவு இருக்கும், தாளின் ஓரங்கள் எங்கும் வெட்டுப்பட்டிருக்காது. வெட்டு ஒரு நூல் குறைந்தால் பாதகமில்லை, புத்தகத்தின் மேல் ஓரம் சற்றுப் புடைத்து நிற்கும், அவ்வளவுதான். ஒரு நூல் கூடினால்தான் சிக்கல். அந்த இடத்திலிருந்து கிழிசல் தொடங்கி, சில நாளில் ஏடு தனியாகக் கழன்று வரும்.

கடைசியாக, நீண்ட மடிப்பு மேலே வரும்படி தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, இரு முனைகளையும் இரு கையால் பிடித்து ஒன்றையொன்று நோக்கித் தள்ளுங்கள். நடுப் பிளவு வாய் திறக்கும். தள்ளத் தள்ள, மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போல நான்கு சிறகுகள் நிற்கும். அவற்றை ஒரே பக்கமாகச் சுற்றி மூடினால் புத்தகம் ஆயிற்று. நான்கு ஏடுகள், எட்டுப் பக்கங்கள். ஒவ்வொரு ஏடும் இரட்டைத் தாள் என்பதால் ஒரு பக்கத்து மை மறுபக்கத்தில் ஊறித் தெரியாது.

எந்தக் கட்டம் எந்தப் பக்கமாக வரும் என்று கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். வெற்றுத் தாளை மடித்து, வெட்டி, மூடிய பிறகு, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே மூலையில் பென்சிலால் 1 முதல் 8 வரை எண் போடுங்கள். அப்புறம் விரித்துப் பாருங்கள். மேல் வரிசை தலைகீழாக, இடமிருந்து வலமாக 1, 8, 7, 6 என்று இருக்கும். கீழ் வரிசை நேராக 2, 3, 4, 5 என்று இருக்கும். உங்கள் தாளில் இந்த வரிசை இரண்டு கட்டமோ நான்கு கட்டமோ தள்ளி வந்தாலும் தவறில்லை. காரணம், நான்கு ஏடுகளும் வட்டமாகக் கோத்திருக்கின்றன, எந்த ஏட்டை முதலில் வைத்தும் மூடலாம். இந்த வட்டம் பின்னால் பெரிதும் உதவப் போகிறது. எழுதும்போது தாளை விரித்து அட்டை மேல் வைத்து எழுதுங்கள். மூடிய புத்தகத்தில் எழுதினால் பேனா அழுத்தம் அடுத்த ஏட்டில் பதிந்து, எழுத்தும் கோணும்.

தாள் சாதாரண ஜெராக்ஸ் தாளாக இருந்தால் போதும், 75 அல்லது 80 ஜிஎஸ்எம். அதைவிடத் தடித்த தாளில் மடிப்பு படியாமல் புத்தகம் வாய் பிளந்து நிற்கும். லீகல் அளவுத் தாளில் மடித்தால் பக்கம் கிட்டத்தட்டச் சதுரமாகிவிடும், 89 மில்லிமீட்டர் அகலம் சட்டைப்பையில் இடிக்கும். எழுத பால்பாயின்ட் பேனாதான் நல்லது. ஜெல் பேனா மை தண்ணீரில் கரைவது. மே மாதத்து வியர்வையில் சட்டைப்பைக்குள் ஒரு மதியம் இருந்தாலே எழுத்து கலைந்துவிடும்.

இப்போது உள்ளே எழுதுவதற்கு வருவோம். பக்க ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விட்டு, படிக்கக்கூடிய அளவில் கையால் எழுதினால், ஒரு பக்கத்தில் பதின்மூன்று பதினான்கு வரி வரும். வரிக்கு மூன்று சொல் என்றால் பக்கத்துக்கு நாற்பது சொல். எட்டுப் பக்கத்துக்கும் சேர்த்து முந்நூறு சொல் சொச்சம். இந்த அளவை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாடத்தையே இதற்குள் அடைக்கப் பார்த்தால் எழுத்து எறும்பு அளவாகும், ஓடும் பஸ்ஸில் படிக்க முடியாது. ஆகவே பாடத்தில் எந்த முந்நூறு சொல் உள்ளே வரவேண்டும் என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இந்தத் தேர்வைக் கைடைப் பார்த்துக்கொண்டே செய்தால் தவறிவிடும். கைடில் எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும். பாடத்தை ஒருமுறை நன்றாகப் படித்த பிறகு, மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை ஒரு பழைய தாளில் எழுதிப் பாருங்கள். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். தடுமாறாமல் வந்தது எதுவும் சிறு புத்தகத்துக்குள் வர வேண்டியதில்லை. வராமல் போனது, மாறி வந்தது, பாதி வந்தது, இவற்றுக்குத்தான் அந்த முந்நூறு சொல்.

ஒரு பாடத்தை எடுத்துச் செய்தே பார்ப்போம். இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி, அடிப்படை உரிமைகள். பிரிவு 12 முதல் 35 வரை. குரூப் 4-க்குப் படிக்கும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது, எண்கள் அதிகம், ஒன்றோடொன்று மாறவும் செய்யும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் இதை ஒருமுறை படித்துவிட்டு, மறுநாள் புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆறு உரிமைகளின் பெயர்கள் அவருக்கு வந்துவிடும். எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவு வரை என்று கேட்டால் இடையில் ஆட்டம் காணும். பிரிவு 17 தீண்டாமை ஒழிப்பு என்பது வந்துவிடும், அதை மறப்பவர் குறைவு. 18 என்ன என்றால் யோசிப்பார். பட்டங்கள் ஒழிப்பு என்று நினைவு வந்தாலும், இராணுவ, கல்விச் சிறப்புகளுக்கு அது பொருந்தாது என்பது வந்திருக்காது. 15-க்கும் 16-க்கும் இடையே குழப்பம் வரும். இரண்டும் பாகுபாடு கூடாது என்றே பேசுகின்றன. 15 மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகிய ஐந்தின் அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 16 அரசு வேலையைப் பற்றியது, அந்த ஐந்தோடு வம்சாவளி, வசிப்பிடம் என்ற இரண்டையும் சேர்த்து ஏழாக்குகிறது. கைடில் இந்த இரண்டும் அடுத்தடுத்த பத்தியில் இருப்பதால் படிக்கும்போது வேறுபாடு தெரிந்த மாதிரியே இருக்கும். மூடிவிட்டு எழுதும்போதுதான் தெரியவில்லை என்பது தெரியும்.

இன்னொரு சிக்கல் 14 என்ற எண். பிரிவு 14 சட்டத்தின் முன் அனைவரும் சமம். பிரிவு 24-இல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலைகளிலும் அமர்த்தக் கூடாது. பிரிவு 21ஏ-இல் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, 2002-இல் 86-ஆவது திருத்தத்தால் சேர்ந்தது. ஒரே எண் மூன்று இடத்தில், ஒன்றில் பிரிவு எண்ணாக, இரண்டில் வயதாக. போதாததற்கு 14-ஐயும் 24-ஐயும் காது ஒன்றாகக் கேட்கும். கைடில் இந்த மூன்றும் வெவ்வேறு தலைப்பின் கீழ் வெவ்வேறு பக்கத்தில் இருக்கின்றன. குழம்புகிறவர் மனதில் மட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சிறு புத்தகத்தில் அவற்றை ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். கைடின் வரிசையை அப்படியே பின்பற்றாமல் உங்கள் குழப்பத்தின் வரிசையில் அடுக்குவதுதான் சுருக்குவது.

இனி அந்தப் பெண் கையில் நான்கு ஏடுகள் இருக்கின்றன. இங்கேதான் மடிப்பின் அமைப்பும் படிப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. புத்தகத்தைத் திறந்தால் 2-ம் 3-ம் சேர்ந்து தெரியும், 4-ம் 5-ம் சேர்ந்து தெரியும், 6-ம் 7-ம் சேர்ந்து தெரியும். 1-ம் 2-ம் ஒருபோதும் சேர்ந்து தெரியாது, ஒரே ஏட்டின் முன்னும் பின்னும் அவை. 3-4, 5-6, 7-8 என மற்ற ஏடுகளும் அப்படியே. ஆகவே ஒற்றைப்படைப் பக்கத்தில் கேள்வி, இரட்டைப்படைப் பக்கத்தில் பதில். கேள்வியைப் படித்துப் பதிலைச் சொல்லிப் பார்த்த பிறகே ஏட்டைப் புரட்ட வேண்டும். அட்டைப்பக்கம், தலைப்பு என்று ஒரு பக்கத்தை வீணாக்க வேண்டாம், முதல் பக்க மூலையில் பொடியாக "அ.உ." என்று போட்டால் போதும்.

அவர் எழுதியது இப்படி இருக்கலாம். முதல் ஏட்டின் முன்பக்கத்தில் ஆறு உரிமைகளின் பெயர், பக்கத்தில் வெறும் கோடு. பின்பக்கத்தில் சமத்துவம் 14–18, சுதந்திரம் 19–22, சுரண்டலுக்கு எதிர் 23–24, சமயம் 25–28, பண்பாடும் கல்வியும் 29–30, தீர்வு காணல் 32. இரண்டாம் ஏட்டில் அவரைத் தடுமாற வைத்த 15, 16, 18 மட்டும். 17 வரவில்லை, அது அவருக்குத் தெரியும். மூன்றாம் ஏட்டில் 14 என்ற எண் வரும் மூன்று இடங்களும், நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாத பிரிவுகள் எவை என்ற கேள்வியும். பதில் 20-ம் 21-ம். நான்காம் ஏட்டில் நீதிப்பேராணைகள் ஐந்தும், சொத்துரிமை எங்கே போயிற்று என்ற கேள்வியும். 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்தது, இப்போது 300ஏ பிரிவில் சட்ட உரிமையாக இருக்கிறது.

கேள்வியை எழுதும் விதமும் முக்கியம். "நீதிப்பேராணைகள் யாவை" என்று எழுதினால் ஐந்து பெயர்களும் பாட்டு மாதிரி வந்துவிடும், எது எதற்கு என்பது வராது. "கைது செய்தவரை நேரில் நிறுத்தச் சொல்வது எது? கடமையைச் செய்யாத அதிகாரியைச் செய்யச் சொல்வது எது? தகுதியில்லாமல் பதவியில் இருப்பவரைக் கேட்பது எது?" என்று எழுத வேண்டும். பதில் முறையே ஆட்கொணர், கட்டளையுறுத்தும், தகுதிமுறை வினவும் நீதிப்பேராணைகள். கேள்வித்தாளும் பெரும்பாலும் இப்படி வளைத்துத்தான் கேட்கிறது. பதில் பக்கத்தில் முழு வாக்கியம் தேவையில்லை. உங்களுக்கு மட்டும் புரிந்தால் போதும். ஆனால் பிரிவு எண்ணையும் ஆண்டையும் சுருக்கக் கூடாது. "44 தி." என்று எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்து அது திருத்தமா, பிரிவா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

கேள்வி பதிலாக எழுதுவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு குழு ஒரு கட்டுரையைத் திரும்பத் திரும்ப நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் ஏறக்குறைய 40 சதவீதம் மிஞ்சியிருந்தது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களிடம் ஏறக்குறைய 60 சதவீதம். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகையால் சிறு புத்தகத்தைப் படிப்பது போதாது. கேள்வியைப் பார்த்து உதட்டுக்குள் பதிலைச் சொல்லி, பிறகு புரட்டிப் பார்க்க வேண்டும். பதில் வராமல் திணறும் அந்தச் சில விநாடிகள் வீண் என்று தோன்றும். புரட்டிவிடத் துடிக்கும் விரலை அப்போதுதான் அடக்க வேண்டும்.

ஓர் இடைவெளிக்கு ஓர் ஏடு போதும். பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் நான்கு ஏட்டையும் ஓட்டிவிட ஆசை வரும். வேண்டாம். ஓர் ஏட்டைச் சொல்லிப் பார்த்து, சரிபார்த்து, பைக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த இடைவெளியில் அடுத்த ஏடு. ஒரு நாளில் நான்கு இடைவெளி கிடைத்தால் ஒரு சுற்று முடிந்துவிடும். சரியாக வந்த கேள்விக்கு எதிரே நகத்தால் ஒரு கீறல் போடலாம், பேனா தேடவேண்டியதில்லை.

இரண்டு மூன்று நாளில் ஒரு தந்திரம் உள்ளே புகும். கேள்வியைப் படிக்காமலேயே பதில் வரத் தொடங்கும். அந்தக் கேள்வி அந்தப் பக்கத்தின் மூன்றாவது வரியில் இருக்கிறது, போன கேள்விக்கு அடுத்து வருகிறது என்ற நினைவு பதிலை இழுத்து வருகிறது. பதில் தெரிந்ததாக அப்போது ஏமாந்துவிடக் கூடாது. பாடம் மனதில் ஏறியதா, இடம்தான் ஏறியதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. அந்த வட்ட அமைப்பை இங்கே பயன்படுத்துங்கள். புத்தகத்தைக் கூட்டல் குறியாகத் திறந்து, வேறோர் ஏடு முதலில் வரும்படி மூடுங்கள். மூன்றாம் ஏடு முதலாகும், வரிசை மாறும், கேள்வியும் பதிலும் எப்போதும் போல முன்னும் பின்னுமாகவே இருக்கும். ஏட்டுக்குள் கேள்விகளைக் கீழிருந்து மேலாகவும் கேட்டுப் பாருங்கள். வரிசையை மாற்றியதும் தடுமாறினால், அந்தக் கேள்வி இன்னும் பாக்கி.

தாளின் உள்பக்கம் முழுவதும் இன்னும் வெறுமையாக இருக்கிறது என்பதைச் சிலர் கவனிப்பதே இல்லை. புத்தகமாக மூடியிருக்கும்போது அது வெளியே தெரியாது, விரித்தால் முழு ஏ4 அளவு. இதில் மேலும் பாடத்தை எழுதாதீர்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் தாளை விரித்து, அன்று தவறிய கேள்விகளை மட்டும் தேதி போட்டு அதில் குறியுங்கள். அந்தப் பெண்ணின் உள்பக்கத்தில் 16 அடிக்கடி வந்திருக்கும், 300ஏ முதல் நாளோடு நின்றிருக்கும். ஒரு வாரத்தில் இந்தப் பக்கமே அடுத்த புத்தகத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிடும். முன்னாலிருந்த முந்நூறு சொல்லில் பெரும்பகுதி கழிந்து, மிஞ்சிய சிலவற்றோடு அடுத்த பாடம் சேரும். பழைய தாளை எறியாமல் ஒரு உறையில் போட்டு வைத்தால், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டலாம். சட்டைப்பையில் ஒரே நேரத்தில் ஒரு புத்தகத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு இருந்தால் கை எப்போதும் எளிதானதையே எடுக்கும்.

தோழிகள் இருவர் மூவர் சேர்ந்து படித்தால், எழுதிய தாளை வெட்டுவதற்கு முன் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து பிரின்ட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரின்ட் எடுக்கும்போது "Fit" என்ற தேர்வு போட்டிருந்தால் பக்கம் சற்றுச் சுருங்கி, கட்டங்களின் எல்லை மடிப்போடு பொருந்தாமல் ஒரு பக்கத்து வரி அடுத்த பக்கத்தில் ஏறிவிடும். "Actual size" என்று மாற்றிவிட்டு எடுக்க வேண்டும். பிரின்டர் தாளின் ஓரம்வரை அச்சடிக்காது என்பதால் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் விட்டே எழுத வேண்டும். ஆனால் மற்றவர் சுருக்கியதை வாங்கிப் படிப்பதில் பயன் குறைவு. அவருக்கு 17 தெரிந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் விட்டது உங்கள் புத்தகத்திலும் இருக்காது. மடிப்பை, தாளை, ஜெராக்ஸ் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்கும் வேலையை மட்டும் அவரவரே செய்ய வேண்டும்.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண், பெயர், ஆண்டு, நூல், ஆசிரியர், எதிர்ச்சொல், பிரித்தெழுதுதல் என்று ஒரு கேள்விக்கு ஒரு பதிலாக வருபவை நன்றாகப் பொருந்தும். தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும் போன்ற கணக்குகள் பொருந்தாது. சூத்திரத்தை எழுதி வைக்கலாம், கணக்கைப் போட்டுப் பழக மேசையும் நோட்டும் வேண்டும். புதிதாக ஒரு பாடத்தைப் புரிந்துகொள்ளவும் இது உதவாது. நீதிப்பேராணை என்றால் என்னவென்றே தெரியாதவருக்கு நான்காம் ஏடு வெறும் ஒலியாகத்தான் இருக்கும். பாடத்தை உட்கார்ந்து படிக்கும் அந்த ஒரு மணி நேரம் வாரத்தில் எங்காவது இருந்தே ஆக வேண்டும். அதில் படித்தது மறந்து போகாமல் காக்கத்தான் இந்தத் தாள்.

தேர்வு நாளன்று இதைப் பையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் போய்விடாதீர்கள். பார்ப்பதற்கு இது பிட்டு மாதிரியேதான் இருக்கும், கண்காணிப்பாளர் கையில் சிக்கினால் நீங்கள் அதைத் திறக்கவே இல்லை என்று நிரூபிக்க வழியில்லை. பல நாள் பழக்கத்தில் கை தானாகவே அதைச் சட்டைப்பையில் போட்டிருக்கும். அதனால் முந்தின இரவே எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, ஹால் டிக்கெட்டை எடுத்து வைக்கும்போது பையைத் துழாவி, பஸ் பாஸ் உறையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.